40 மில்லி எடுத்தார்கள், நடக்க வைத்துப் பார்க்கவில்லை

அப்பாவுக்கு 73 வயது. ஒரு வருடமாகக் காலைத் தூக்கி வைக்காமல், தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி தேய்த்துத் தேய்த்து நடந்தார். திரும்புவதற்கே ஏழெட்டுக் குட்டி அடி. அப்புறம் மறதி; பாத்ரூம் போவதற்குள் வேட்டி நனைந்துவிடும். ஆறு மாதம் பார்கின்சன் மாத்திரை சாப்பிட்டதுதான் மிச்சம். கடைசியில் ஸ்கேனில் மூளைக்குள் இருக்கும் நீர் அறைகள் வீங்கியிருப்பதைப் பார்த்த டாக்டர், "நீர் சரியாக வடியவில்லை போலிருக்கிறது. முதுகில் கொஞ்சம் எடுத்து, நடை தேறுகிறதா என்று பார்ப்போம்" என்றார்.

அங்கேதான் கோட்டை விட்டோம். மதியம் முதுகில் ஊசி போட்டு 40 மில்லி எடுத்தார்கள். குடிதண்ணீர் போல அவ்வளவு தெளிவு. சாயங்காலம் டியூட்டி டாக்டர் வந்து "எப்படி நடக்கிறார்?" என்றார். அப்பா கட்டிலை விட்டு இறங்கவே இல்லை, பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்குப் போயாச்சு. "அப்படியேதான் இருக்கார்போல" என்று அம்மா சொன்னது, ஃபைலில் 'முன்னேற்றம் இல்லை' என்று ஏறிவிட்டது. ஊசிக்கு முன்னால் எப்படி நடந்தார் என்று யாருமே அளக்கவில்லையே, எதோடு ஒப்பிட்டு எழுதினார்கள்?

வேறு டாக்டரிடம் போனோம். மூளை நீர் ஒரு நாளைக்கு அரை லிட்டர், அதாவது மணிக்கு 20 மில்லி அளவுக்கு ஊறுமாம். அப்படியென்றால் எடுத்த 40 மில்லி இரண்டே மணி நேரத்தில் திரும்ப ஊறிவிடாதா என்று கேட்டேன். ஊசி குத்திய இடத்தில் உள்ளே கசிவு தொடர்வதால் பலன் ஒரு நாளுக்கு மேலும் நிற்கலாம் என்றார். முன்னேற்றம் தெரியாவிட்டாலும் மூளையில் நீர் தேங்கும் அந்த நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாதாம்.

மறுபடி அதே சோதனைக்கு இந்த முறை நானே தயாராகப் போனேன். வராண்டாவில் இரண்டடி டைல்ஸ் 16 எண்ணிச் சாக்பீஸால் கோடு போட்டேன்; கிட்டத்தட்ட 10 மீட்டர். ஊசிக்கு முன் 31 விநாடி, 34 காலடி. மூன்று மணி நேரம் கழித்து 20 விநாடி, 23 காலடி. இரண்டையும் போனில் வீடியோ எடுத்துக் காட்டினேன். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

தலையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் வைக்கும் ஷன்ட் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலாம் மாதம் முட்டிவலிக்கு எம்ஆர்ஐ எடுத்தோம். ஷன்ட் இருப்பதைச் சொன்னதற்கு "ஒன்றும் ஆகாது" என்றார்கள். மறுநாளிலிருந்து எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் சரியாகிவிடும். எவ்வளவு நீர் வடிய வேண்டும் என்று எண் வைத்துக் கட்டுப்படுத்தும் வால்வு அந்த ஷன்டில் இருக்கிறது; அதைக் காந்தத்தால்தான் திருப்பி வைப்பார்கள். ஸ்கேன் காந்தமும் அதைத் திருப்பி, நீர் அளவுக்கு மேல் வடிந்திருக்கிறது. விட்டிருந்தால் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கும் என்றார் டாக்டர். தலையில் கருவியை வைத்துப் பழைய எண்ணுக்கே மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த எண் எழுதிய அட்டையைத் தேடத்தான் வீட்டுக்கு ஒரு நடை போய்வந்தேன். இப்போது அது அப்பாவின் பர்ஸில், ஆதாருக்கு முன்னால் இருக்கிறது.