ஒரு மலை ரயில், மூன்று வடிவம்: மொபைல், போஸ்டர், பேனருக்கு விகிதம் முடிவு செய்த அனுபவம்

குன்னூரில் நண்பர்கள் சேர்ந்து நடத்திய சின்னப் புகைப்படக் கண்காட்சிக்கு வடிவமைப்பு வேலை என்னிடம் வந்தது. மண்டப வாசலில் கட்ட ஒரு நீளமான பேனர், கடைகளில் ஒட்ட ஏ3 போஸ்டர், வருகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு வால்பேப்பர். மூன்றிலும் நம் மலை ரயில்தான் இருக்க வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. "நல்ல படம் ஒண்ணு கையில இருக்கே, அதையே மூணுக்கும் வெட்டிக்கலாமே" என்றார் முன்னின்று நடத்திய அண்ணன். அவர் சொன்ன படம் அருமையான படம். ஆனால் வெட்டுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

படம் 6000×4000 பிக்சல், அதாவது 3:2. இப்போது வரும் மொபைல்களில் பெரும்பாலானவை 9:20 அல்லது அதற்கு நெருக்கமான விகிதம். 4000 உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டால், 9:20-க்குக் கிடைக்கும் அகலம் 1800 பிக்சல்தான். 6000-ல் 1800 போக மீதி 70 சதவீதம் வெளியே போய்விடும். பேனர் 10 அடிக்கு 4 அடி என்று பேசியிருந்தோம். அதற்கு முழு அகலமும் நிற்கும், ஆனால் உயரத்தில் 2400-தான் மிஞ்சும். இரண்டு வெட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது 1800×2400 அளவுள்ள ஒரு துண்டு. முழுப் படத்தில் அது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் துண்டுக்குள் அடங்கும் பொருளாக இருந்தால் ஒரே படம் மூன்றுக்கும் போதும். தனியாக நிற்கும் ஒரு மரமோ ஒருவரின் முகமோ என்றால் சரி. ரயில் அப்படி இல்லை. அந்தப் படத்தில் எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை மட்டும் 4200 பிக்சல் நீளம். மொபைலுக்கு வெட்டினால் நடுவில் ஒன்றரைப் பெட்டி மட்டும் நிற்கும், எஞ்சினே வராது.

அதனால் மொபைலுக்கும் போஸ்டருக்கும் நிமிர்த்தி எடுத்த படம் ஒன்று வேண்டும், பேனருக்கு மட்டும் கையிலிருக்கும் படம் என்று முடிவானது. கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் 4000×6000. அதிலிருந்து 9:20 வெட்டினால் 2700×6000 வருகிறது, பக்கங்களில் போவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதே கேமராதான், பிடிக்கும் வாக்கு மாறியதும் 70 சதவீத நஷ்டம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

நிமிர்ந்த சட்டத்துக்கு ரயில் பக்கவாட்டில் போகக் கூடாது, நம்மை நோக்கி வர வேண்டும். இங்கே மலை ரயிலுக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையம் குன்னூர் பகுதியில் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். மேலே ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், கீழே இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். ஆகவே ஏறி வரும் வண்டியை எதிரில் நின்று எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது பெட்டியின் முகப்பு. எஞ்சின் முகம் வேண்டுமென்றால் குன்னூரிலிருந்து இறங்கும் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். ரன்னிமேடு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாதையில், அனுமதி கேட்டு, தண்டவாளத்துக்கு நன்றாகத் தள்ளி நின்றேன். மதியத்துக்கு மேல் இறங்கும் வண்டி வளைவில் திரும்பும்போது எஞ்சின் பெரிதாகவும், நீலமும் கிரீமும் கலந்த பெட்டிகள் பின்னால் சுருங்கி வளைந்தும் தெரிந்தன. நீளமான பொருளை ஒடுக்கமான சட்டத்தில் அடக்க அந்த வளைவு ஒன்றுதான் வழி.

எடுக்கும்போதே மேலே நிறைய இடம் விட்டேன். மொபைலின் பூட்டுத் திரையில் மணியும் தேதியும் மேலே உட்காரும். போஸ்டரில் தலைப்பும் மேலேதான் வரும். மலைச்சரிவில் மேகம் இறங்கியிருந்தது இரண்டுக்கும் வசதியாகப் போனது. அடர்ந்த இலைகளின் மேல் எழுத்தோ எண்ணோ வந்தால் படிக்க முடியாது.

அப்புறம் மொபைலுக்கு எந்த விகிதம் என்ற கேள்வி. பழைய போன் 9:16, புதியவை 9:19.5, 9:20, சில 9:21. எல்லோருக்கும் தனித்தனியாகச் செய்ய முடியாது. பொதுவாக போன் படத்தைத் திரை நிறையப் பெரிதாக்கும், மிஞ்சுவதை வெட்டும். 9:16 படத்தை 9:20 திரையில் வைத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும். 9:20 படத்தை 9:16 திரையில் வைத்தால் மேலும் கீழும் சேர்த்து உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும். எதை இழந்தால் பரவாயில்லை என்பதுதான் இங்கே விஷயம். என் படத்தில் மேலே இருப்பது மேகம், கீழே இருப்பது தேயிலைச் செடி. பக்கவாட்டில் போனால் எஞ்சினின் தோளும் வளைவும் போய்விடும். ஆகவே உயரமான 9:20-ஐ வைத்துக்கொண்டேன். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் வெட்டும் கருவியில் `Fixed` என்பதை டிக் செய்து, `Aspect ratio` தேர்ந்து, `9:20` என்று கொடுத்தால் சட்டம் அந்த விகிதத்திலேயே நகரும். வெட்டியதை 1440×3200-க்குச் சுருக்கினேன். பழைய போனில் இதன் மேலே 320, கீழே 320 பிக்சல் வெட்டுப்படும். மணி வரும் இடத்தையும் கணக்கில் சேர்த்து, எஞ்சின் முழுவதும் மேலிருந்து 1200-க்கும் 2500-க்கும் நடுவில் விழும்படி சட்டத்தை வைத்தேன்.

போஸ்டருக்கு இரண்டு அளவு பேச்சில் இருந்தது. பிரஸ்காரர் 12×18 அங்குலம் சொன்னார். அது 2:3, கேமராவின் விகிதமே, வெட்டவே வேண்டாம். எனக்கும் ஆசைதான். ஆனால் ஏ3-தான் சரி என்று நின்றேன், காரணம் கடைகள். சிலர் சுவரில் இடமில்லை, சின்னதாக ஒன்று கொடுங்கள் என்பார்கள். ஏ வரிசைத் தாள்களுக்கு எல்லாம் ஒரே விகிதம், 1:1.414. ஏ3-ஐ ஏ4-ஆகச் சுருக்கினால் எதுவும் வெட்டுப்படாது, ஓரத்தில் வெள்ளைப் பட்டையும் வராது. பக்கத்து ஜெராக்ஸ் கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம். 12×18-ஐ ஏ4-ல் எடுத்தால் இரண்டில் ஒன்று நிச்சயம் நடக்கும்.

ஏ3 297×420 மி.மீ. பிரஸ்ஸில் தாளை வெட்டும்போது கத்தி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும் என்பதால், சுற்றிலும் 3 மி.மீ. அதிகமாகப் படம் கொடுக்க வேண்டும். அதோடு சேர்த்தால் 303×426. 4000 அகலத்துக்கு உயரம் 5624 வருகிறது, 6000-ல் 376 பிக்சல்தான் போனது. அதைக் கீழே தேயிலைப் பக்கம் எடுத்துக்கொண்டேன். அங்குலத்துக்கு 330 பிக்சலுக்கு மேல் நின்றதால் அச்சில் எஞ்சினின் ஆணிகள்கூடத் தெளிவாக வந்தன. போஸ்டரைப் பொறுத்தவரை இவ்வளவுதான் வேலை.

சிக்கல் பேனரில் வந்தது. மலையில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமை என்பதால் ஃப்ளெக்ஸ் வேண்டாம், துணியிலேயே அச்சிடலாம் என்று முடிவு செய்திருந்தோம். 10×4-க்குக் கோப்பு அனுப்பினேன். பிரஸ்ஸிலிருந்து சரிபார்க்க ஒரு படம் வந்தது. பார்த்தவுடன் ரயில் கொஞ்சம் நசுங்கியதுபோல ஒரு சந்தேகம். ரயில் நீளமான பொருள், அதை 10-ல் இரண்டு மூன்று பங்கு அமுக்கினாலும் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. ஆனால் மூலையில் எங்கள் சின்னம் இருந்தது, வட்டத்துக்குள் ஒரு பல்சக்கரம். அந்த வட்டம் படுத்த முட்டையாகியிருந்தது. போன் செய்து கேட்டேன். "துணி ரோல் மூணு அடிதான் தம்பி இருக்கு, அதான் உள்ளே அடக்கிப் போட்டிருக்கு" என்றார் அவர். நான்கடி உயரத்தை மூன்றடிக்குள் அமுக்கிவிட்டார்கள். வேலை எதுவாக இருந்தாலும் சரிபார்ப்புப் படத்தில் ஒரு வட்டம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேலை வைத்து குறுக்கும் நெடுக்கும் அளந்தால் போதும்.

அளவு 10×3 ஆனதும் வெட்டும் மாறியது. 6000 அகலத்துக்கு இனி 1800 உயரம். அங்குலத்துக்கு 50 பிக்சல். சாலையிலிருந்து பார்க்கும் துணி பேனருக்கு அது தாராளம், போஸ்டரின் கணக்கை இங்கே பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் தையலுக்கு நாலு பக்கமும் 2 அங்குலம் மடிப்பார்கள். 120×36 அங்குலத் துணியில் கண்ணுக்குத் தெரிவது 116×32. காகிதத்தில் 3.3 மடங்காக இருந்த நீளம், கட்டித் தொங்கும்போது 3.6 மடங்காகிறது. மடிப்பு நான்கு பக்கமும் ஒரே அளவுதான், ஆனால் குட்டையான பக்கத்தைத்தான் அது அதிகம் தின்கிறது. ஒல்லியான பேனர் என்றால் முதலில் இதைக் கழித்துவிட்டுத்தான் விகிதம் பேச வேண்டும்.

இன்னொன்று, இந்தப் பாதையின் சரிவு. பல்சக்கரப் பாதையில் அதிகபட்ச ஏற்றம் 12 அடிக்கு ஓர் அடி. படத்தில் 4200 பிக்சல் நீள ரயில் அந்தக் கணக்கில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 350 பிக்சல் இறங்குகிறது, துணியில் அது 7 அங்குலம். தெரியும் உயரமே 32 அங்குலமாக இருக்கும்போது 7 அங்குலம் சின்ன விஷயமில்லை. அண்ணன் ரயிலை நேராக்கிவிடச் சொன்னார். நேராக்கிக் காட்டினேன். பின்னால் இருந்த சில்வர் ஓக் மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. மலையில் வளர்ந்தவர் அவர், பார்த்ததுமே வேண்டாம் என்றுவிட்டார். மரங்கள் நிமிர்ந்தே இருக்கட்டும், ரயில் சரிவில் இறங்கட்டும் என்று விட்டோம். அதற்கேற்ப வெட்டுச் சட்டத்தை மேலும் கீழும் நகர்த்தி, கடைசிப் பெட்டியின் கூரைக்கு மேலும் எஞ்சின் சக்கரத்துக்குக் கீழும் மடிப்பு போக ஒரு சாண் இடம் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

எழுத்து எங்கே என்பதையும் ரயிலே முடிவு செய்தது. எஞ்சின் இடப்பக்கம் நோக்கி இறங்குவதால் அதன் முன்னால் 1500 பிக்சல், அதாவது இரண்டரை அடி காலியாக இருந்தது. தையல் போக மிஞ்சும் அந்த இடத்தில் கண்காட்சி, இடம், நாள் என மூன்றே வரி. 4 அங்குல எழுத்துக்கு மேல் அதில் கொள்ளாது, சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க அது போதுமானது. தொடர்பு எண்ணையும் சேர்க்கச் சொன்னார்கள், அதைப் போஸ்டருக்கு மாற்றிவிட்டேன்.

வால்பேப்பரை அனுப்பும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், மேகப் பகுதியில் திட்டுத்திட்டாகக் கட்டங்கள் தெரியும். `Document` என்று அனுப்பினால் 1440×3200 அப்படியே போய்ச் சேருகிறது. பெற்றவர்கள் வைக்கும்போது இரண்டு விரலால் பெரிதாக்காமல் வைக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தே அனுப்பினோம்.