முடுக்கி வினாவுக்கு ஒரு வெட்டு மெசின் கணக்கு

பல்கலைக்கழகத்தில் பேரினப் பொருளியல் படித்தபோது, முதலீட்டுக் கேள்வி பற்றிய பகுதியை நான் கிளிநொச்சி வயல்களை வைத்தே படித்தேன். பரீட்சைக்குப் போகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். சூத்திரத்தை மனப்பாடம் செய்ய முன்னர், நெல் வெட்டும் மெசின்களை வாடகைக்கு விடும் ஒருவரின் கணக்கை எழுதிப் பாருங்கள்.

ஒரு மெசின் ஒரு போகத்தில் 200 ஏக்கர் வெட்டும், ஆண்டுக்கு ஒரு மெசின் பழுதாகி ஒதுங்கும் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 2000 ஏக்கர் வேலை இருந்தால் 10 மெசின் போதும். பழுதானதற்குப் பதிலாக ஒன்றுதான் வாங்குவார். அடுத்த ஆண்டு வேலை 2200 ஏக்கராகும் என எதிர்பார்க்கிறார். 11 தேவை, ஆகவே இரண்டு வாங்குவார். வேலை கூடியது 10 சதவீதம்தான், முதலீடோ இரட்டிப்பாகிவிட்டது. முடுக்கி என்பது இதுதான்.

இனித்தான் முக்கியமான இடம். மூன்றாம் ஆண்டு 2600 ஏக்கர், மூன்று வாங்குகிறார். நான்காம் ஆண்டு 2800 ஏக்கர், இரண்டுதான் வாங்குகிறார். வேலை குறையவில்லை, கூடும் வேகம்தான் குறைந்தது. அதற்கே முதலீடு விழுந்துவிட்டது. இந்த வரியை விடையில் கட்டாயம் எழுதுங்கள். பலர் ‘விற்பனை குறைந்தால் முதலீடு குறையும்’ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள்.

சரி, இரணைமடுவில் தண்ணீர் குறைந்து வேலை 2200 ஏக்கருக்கு இறங்கினால்? தேவை 11, கையில் இருப்பதோ 13. புதிதாக ஒன்றும் வாங்கமாட்டார். ஆனால் மொத்த முதலீடு பூச்சியத்துக்குக் கீழே போகாது. மிஞ்சிய மெசின்கள் பழுதாகித் தீரும்வரை, வேலை சற்றுக் கூடினாலும் முடுக்கி இயங்காது. இது அந்தக் கோட்பாட்டின் பெரிய வரம்பு.

அப்புறம் வட்டி. மெசின் விலை 80 இலட்சம், செலவும் பெறுமானத் தேய்வும் போக ஆண்டுக்கு 12 இலட்சம் மிஞ்சும் என்றால் வருவாய் வீதம் 15 சதவீதம். கடன் வட்டி 12 என்றால் வாங்குவார், 20 என்றால் வாங்கார். சொந்தப் பணமாக இருந்தாலும் கணக்கு இதேதான், வங்கியில் போட்டால் கிடைக்கும் வட்டியை இழக்கிறார் அல்லவா? ஆனால் 200 ஏக்கர் கிடைத்தால்தான் அந்த 12 இலட்சம். வேலை குறைந்து 4 இலட்சமே மிஞ்சினால் வீதம் 5 ஆகிவிடும். அப்போது வட்டியை 8 ஆகக் குறைத்தாலும் அவர் அசையமாட்டார். வட்டி வீதத்தையும் முதலீட்டையும் இணைக்கும் முதலீட்டுக் கேள்வி வளையியை வரையும்போது, வட்டி மாறினால் அதே வளையியின் வழியே நகருங்கள். எதிர்பார்ப்பு மாறினால் வளையியையே நகர்த்துங்கள்.

உதாரணம் கேட்டால் 2022ஐ எழுதலாம். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஆனால் 2021இன் இரசாயன உரத் தடை விளைச்சல் மீதான நம்பிக்கையை அதற்கு முன்னரே உடைத்திருந்தது. ஆகவே அந்த ஆண்டு மெசின் வாங்காததை வட்டியின் தலையில் மட்டும் கட்டாமல், இரண்டு நகர்வுகளையும் ஒரே வரைபடத்தில் பிரித்துக் காட்டுங்கள்.