அன், இன், டிஸ்: சரியான முன்னொட்டை எப்படிப் பிடிப்பது?

டிஎன்பிஎஸ்சி பொது ஆங்கிலத்தில் முன்னொட்டு, பின்னொட்டு என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. இதற்குப் பட்டியலை மனப்பாடம் செய்கிறவர்கள்தான் அதிகம். நான் தயாரானபோது, கொடுத்த சொல் வினையா, பெயரடையா, பெயர்ச்சொல்லா என்று முதலில் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பல கேள்விகளுக்கு அதுவே விடையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

சிக்கலே ஒரே வேரில் இரண்டு முன்னொட்டு வருவதுதான். 'ஸ்டேபிள்' என்ற பெயரடைக்கு எதிர்ச்சொல் 'அன்ஸ்டேபிள்'. அதன் பெயர்ச்சொல் 'ஸ்டெபிலிட்டி'க்கோ 'இன்ஸ்டெபிலிட்டி'. 'அன்ஈக்வல்' என்பவர்கள் 'இன்ஈக்வாலிட்டி' என்பார்கள். 'அன்ஜஸ்ட்' என்பது 'இன்ஜஸ்டிஸ்' ஆகும். 'அன்ஏபிள்' என்பது 'இன்எபிலிட்டி'. 'அன்' ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு, 'இன்' லத்தீனிலிருந்து வந்தது. 'இட்டி' என்ற வாலும் லத்தீன் வழி வந்ததால் 'இன்'னோடு எளிதில் சேர்கிறது. இது எப்போதும் செல்லாது, 'அன்பாப்புலாரிட்டி' என்றுதான் சொல்கிறார்கள். 'நெஸ்' என்று முடிந்தால் கவலையில்லை. பெயரடையில் இருந்த முன்னொட்டே தொடரும்: அன்ஹேப்பி, அன்ஹேப்பினெஸ்; இம்பொலைட், இம்பொலைட்னெஸ்.

'இம்' தனி முன்னொட்டு இல்லை. அடுத்து ப, ம போல உதடு மூடும் ஒலி வரும்போது 'இன்' அப்படி மாறுகிறது. மரம் என்பது 'கள்' சேரும்போது மரங்கள் ஆகிறதே, அதே வேலைதான். பாசிபிள், இம்பாசிபிள், மாரல், இம்மாரல். 'இல்லீகல்', 'இர்ரெகுலர்' இரண்டும் இதே வகை. ஆனால் 'அன்' இப்படி மாறாது. அதனால் 'பாப்புலர்' என்ற சொல்லில் 'ப' இருக்கிறதே என்று 'இம்' போட்டுவிடக்கூடாது, 'அன்பாப்புலர்'தான் சரி. முதலில் அன்னா இன்னா என்று முடிவு செய்துவிட்டு, இன் என்றால் மட்டும் அடுத்த ஒலியைப் பாருங்கள்.

வினைச்சொல்லை மறுக்கப் பெரும்பாலும் 'டிஸ்'தான்: டிஸ்அக்ரீ, டிஸ்ஒபே. வினையோடு 'அன்' சேர்ந்தால், செய்ததைத் திருப்பிச் செய்வது என்று பொருள்: பூட்டியதைத் திறப்பது அன்லாக், கட்டியதை அவிழ்ப்பது அன்டை. 'எட்' என்று முடியும் பெயரடைகளுக்கு 'அன்' பொருந்தும்: அன்எக்ஸ்பெக்டெட், அன்பினிஷ்ட். இரண்டும் பொருந்துகிற இடத்தில் பொருளைக் கவனியுங்கள். கரன்ட் பில் கட்டாத வீட்டு இணைப்பைத் துண்டித்தால் அது 'டிஸ்கனெக்டட்'. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு சம்பவங்கள் 'அன்கனெக்டட்'.

'நான்' என்ற முன்னொட்டு குறை சொல்லாமல் அந்த வகை அல்ல என்று மட்டும் சொல்லும். அந்தத் தொழிலில் இல்லாதவர் 'நான்புரொபஷனல்'. தொழிலில் இருந்துகொண்டே அதன் ஒழுங்கை மீறி நடப்பவர் 'அன்புரொபஷனல்'. வினாத்தாளில் இரண்டும் கண்ணில் பட்டால், வாக்கியத்தில் யாரையாவது குறை சொல்கிறார்களா என்று பாருங்கள், சொன்னால் 'அன்'.