பயிற்சிக் குறிப்பேடு: எந்த எண்களை எழுதுவது

மார்ச் 3, 2025, திங்கள்

இன்று முதல் ஜிம்முக்குப் பையில் ஒரு சிறிய கோடு போட்ட நோட்டும் பேனாவும் போகின்றன. திங்களும் வியாழனும் பெஞ்ச் பிரஸ் செய்யும் நாட்கள் என்பதால், அந்த ஒரு பயிற்சியை வைத்தே எதை எழுதுவது என்று முடிவு செய்ய எண்ணியிருக்கிறேன். இன்றைய வரி இது:

பெஞ்ச் பிரஸ் 50 கிலோ: 8, 7, 6. மிச்சம் 1, 1, 1. ஓய்வு 3 நிமிடம்.

50 கிலோ என்பது பாரின் 20 கிலோவையும் சேர்த்த மொத்த எடை. பலர் "ஒரு பக்கம் 15" என்று மட்டும் எழுதுகிறார்கள். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் பார்களில் 15 கிலோ பாரும் உண்டு என்பதால், மொத்தத்தை எழுதாவிட்டால் அடுத்த மாதம் அந்த வரியை எதனோடும் ஒப்பிட முடியாது. 8, 7, 6 என்பவை, இடையில் ஓய்வெடுத்துச் செய்த மூன்று செட்டுகளில் பாரைத் தூக்கிய தடவைகள், அதாவது ரெப். இந்த ரெப் எண்ணிக்கையையும் "8 ரெப், 3 செட்" என்று சுருக்காமல் ஒவ்வொரு செட்டுக்கும் தனியாக எழுதுகிறேன், ஏனெனில் முன்னேற்றம் முதலில் தெரிவது பெரும்பாலும் கடைசி செட்டில்தான்.

மார்ச் 6, வியாழன்

50 கிலோ: 8, 7, 7. மிச்சம் 1, 1, 1. ஓய்வு 3 நிமிடம்.

"மிச்சம்" என்பது, செட்டை நிறுத்தும் நேரத்தில் இன்னும் எத்தனை ரெப் ஒழுங்காகச் செய்திருக்க முடியும் என்ற மதிப்பீடு. ஒரே எடையில் ஒருவர் 8 ரெப் செய்து மூச்சு முட்ட நிறுத்துவதும், இன்னும் மூன்று செய்யும் தெம்போடு நிறுத்துவதும் நோட்டில் ஒரே 8 ஆகவே விழும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒற்றை இலக்கம்தான். ஒவ்வொரு செட்டிலும் ஒரு ரெப் மிச்சம் இருக்கும்போது நிறுத்துவது, மிச்சம் அதிகமிருந்தாலும் 8-ஐத் தாண்டாமலிருப்பது என்பது நான் வைத்துக்கொண்ட விதி.

இதைக் கணிப்பதற்குப் பாரின் வேகத்தைக் கவனிக்க வேண்டும். இன்று மூன்றாவது செட்டின் ஏழாவது ரெப்பில், பார் நெஞ்சிலிருந்து ஒரு சாண் எழும்பியதும் தயங்கி, பிறகு மெதுவாக மேலே போனது. அந்தத் தயக்கம் தெளிவாகத் தெரிந்த பின் பொதுவாக ஒன்று, சில நாட்களில் அதுவும் இல்லை. பார் சீராக ஏறிக்கொண்டிருக்கும்போதே "இனி முடியாது" என்று தோன்றினால், உண்மையில் இரண்டு மூன்று மிச்சம் இருக்கும். புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களின் கணிப்பு பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் சாயும்.

மார்ச் 10, திங்கள்

50 கிலோ: 8, 8, 8. ஓய்வு ஏறக்குறைய 6 நிமிடம்.

மாலைக் கூட்டத்தில் பெஞ்சை வேறு இருவரோடு பகிர வேண்டியிருந்தது. அவர்கள் தட்டுகளை மாற்றி, தங்கள் செட்டை முடித்து, மீண்டும் என் முறை வருவதற்குள் ஓய்வு இரண்டு மடங்காகிவிட்டது. முந்தைய செட்டின் களைப்பு தீரக் கூடுதல் நேரம் கிடைத்தால் கடைசி செட்டில் ரெப் கூடும். ஆகவே இன்றைய 24-ஐ வியாழனின் 22-க்கு எதிராக வைத்துப் பார்க்கக் கூடாது. வரியின் ஓரத்தில் "ஓய்வு நீண்டது" என்று எழுதி, எடையை உயர்த்தாமல் விட்டேன்.

மார்ச் 13, வியாழன்

50 கிலோ: 8, 8, 7. மிச்சம் 1, 1, 1. ஓய்வு 3 நிமிடம்.

மார்ச் 17, திங்கள்

50 கிலோ: 8, 8, 8. மிச்சம் 2, 1, 1. ஓய்வு 3 நிமிடம்.

பாரில் தொங்கிய எடை இந்த இரண்டு வாரமும் மாறவே இல்லை. ஆனால், நீண்ட ஓய்வு எடுத்த நாளை நீக்கிவிட்டுப் பார்த்தால், மொத்த ரெப் 21, 22, 23, 24 என்று ஏறியிருக்கிறது, முதல் செட்டின் மிச்சமும் 1-லிருந்து 2 ஆகியிருக்கிறது. எடையை மட்டும் எழுதியிருந்தால் இந்த நாட்கள் தேக்கமாகத் தெரிந்திருக்கும். மூன்று செட்டிலும் 8 வந்துவிட்டதால், அடுத்த முறை பக்கத்துக்கு 1.25 கிலோ தட்டு ஒன்று சேர்க்கலாம்.

மார்ச் 20, வியாழன்

52.5 கிலோ: 7, 6, 6. மிச்சம் 1, 1, 1. ஓய்வு 3 நிமிடம்.

எடை கூடியது, ரெப் குறைந்தது. மொத்தமாகத் தூக்கிய எடையைப் பெருக்கிப் பார்த்தால் திங்களன்று 1200 கிலோ, இன்று 997.5 கிலோ, இந்தக் கணக்கை நம்புபவருக்கு இன்று சறுக்கலாகவே தோன்றும். 40 கிலோவை 12 ரெப் வீதம் மூன்று செட் செய்தால் 1440 வந்துவிடும், ஆனால் அது 52.5 கிலோவைத் தூக்கும் வலுவைக் காட்டாது. எவ்வளவு வேலை செய்தோம் என்பதற்கு மொத்தக் கிலோ ஓரளவு உதவும். வலு கூடியதா என்ற கேள்விக்கு அது பதில் அல்ல.

வெவ்வேறு எடைகளை ஒப்பிட எப்லி சூத்திரம் போதும்:

```
எடை × (1 + ரெப் ÷ 30)
```

ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடைக்கான மதிப்பீட்டை இது தருகிறது. செய்த ரெப்போடு மிச்சத்தையும் கூட்டியே இதில் இட வேண்டும். திங்களின் முதல் செட் 8-உம் 2-உம் சேர்ந்து 10, எனவே 50 கிலோவுக்கு 66.7. இன்றைய முதல் செட் 7-உம் 1-உம் சேர்ந்து 8, எனவே 52.5 கிலோவுக்கு 66.5. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே, வலு குறையவில்லை. ரெப் 10-ஐத் தாண்டும்போது இந்த மதிப்பீடு தளர்ந்துவிடும், அங்கே தாக்குப்பிடிக்கும் திறனும் சேர்ந்து எண்ணை உயர்த்தும். ஒரே பயிற்சிக்குள், ஒத்த ரெப் அளவுகளுக்கு இடையில் மட்டுமே இதைப் பயன்படுத்துகிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

தம்பி தன் பயிற்சிக் குறிப்பைக் காட்டினான். கைக்கடிகாரம் சொன்ன கலோரி, ஜிம்மில் இருந்த நேரம், உச்ச இதயத்துடிப்பு என்று ஒரு பக்கம் நிரம்பியிருந்தது. ஸ்குவாட் வரியில் "நன்றாகப் போனது" என்று மட்டும் இருந்தது.

"இதைப் பார்த்து நாளைக்கு எத்தனை கிலோ போடுவாய்?" என்று கேட்டேன்.

"அங்கே போய்த்தான் அண்ணா பார்க்க வேண்டும்" என்றான்.

நோட்டில் ஓர் எண்ணுக்கு இடம் தரலாமா என்பதை நான் இந்தக் கேள்வியால்தான் முடிவு செய்கிறேன். எடைப் பயிற்சியின்போது கடிகாரம் காட்டும் கலோரி தோராயமானது, அது துல்லியமாகவே இருந்தாலும் பாரில் எந்தத் தட்டை மாட்டுவது என்று சொல்லாது. அவனுடைய ஸ்குவாட் வரிக்கு எடை, ரெப், மிச்சம் ஆகியவற்றோடு "தொடை தரைக்கு இணையாக இறங்கியது" என்ற சொல்லையும் சேர்க்கச் சொன்னேன். எடை ஏற ஏற ஆழம் குறைந்தால் நோட்டில் முன்னேற்றம் தெரியும், காலில் இருக்காது.

மார்ச் 27, வியாழன்

52.5 கிலோ: 8, 7, 6. மிச்சம் 1, 1, 1. ஓய்வு 3 நிமிடம். மதிப்பீடு 68.3, மாதத் தொடக்கத்தில் 65.

மார்ச் 30, ஞாயிறு

உடல் எடையைக் காலையில், கழிப்பறைக்குப் போய் வந்த பின், எதுவும் உண்பதற்கு முன் பார்த்து, வாரச் சராசரியை மட்டும் நோட்டில் ஏற்றுகிறேன். முந்தைய இரவு உப்பும் சோறும் கூடினாலே தண்ணீர் தேங்கி ஒரு கிலோ வரை ஏறும், அதைத் தசை என்றோ கொழுப்பு என்றோ படிக்கக் கூடாது. புல்-அப் போன்ற பயிற்சிகளுக்கு இந்தச் சராசரி அவசியம்: உடல் எடை 2 கிலோ குறைந்த மாதத்தில் ஒரு ரெப் கூடியிருந்தால், அதில் ஒரு பகுதி எடைக் குறைவால் வந்தது.

தேக்கம் என்று எப்போது எழுதுவது என்பதையும் இன்று வரையறுத்தேன். ஒரு நாள் ரெப் குறைந்தால் அது தூக்கமோ வெயிலோ ஆக இருக்கலாம். ஓய்வும் மிச்சமும் மாறாதிருக்க, தொடர்ந்து நான்கு முறை ரெப் கூடாவிட்டால், எடையைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து மீண்டும் ஏறி வருவேன். 52.5 கிலோவுக்கு அது சுமார் 47.5 கிலோ.