ஏழாவது ஆர்டர்

நேற்று இரவு கடை சாத்தியதும் கணக்கு நோட்டோடு உட்கார்ந்தேன். உணவு டெலிவரி ஆப்பில் 300 ரூபாய்க்கு ஒரு ஆர்டர் வந்தால், எங்களுக்குப் பேசிய கமிஷன் 25 சதவீதம், அதாவது 75 ரூபாய். அந்தக் கமிஷன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 13.50. நாங்கள் 5 சதவீத வரியில் இருக்கும் ஓட்டல், அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆக 88.50 போய்விடுகிறது.

டெலிவரிக்குச் சொந்தமாக ஒரு தம்பியை வைத்தால் மாதம் சம்பளம் 15,000, பெட்ரோல் 3,000. நாளுக்கு 600 ரூபாய். அவர் ஏழு ஆர்டர் கொண்டுபோனாலே ஆப்புக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. பதினைந்து என்றால் ஒன்றுக்கு 40 ரூபாய்தான்.

ஆனால் சிக்கல் எட்டு மணிக்கு. பத்து ஆர்டர் ஒரே நேரத்தில் வரும், ஒருவரால் மணிக்கு மூன்று, நான்கு வீடுதான் முடியும். பரோட்டா ஆறிப்போனால் அந்த வீடு மறுபடி கூப்பிடாது. மழை நாளில் தம்பி லீவு என்றால் 600 ரூபாய் கணக்கே உடைகிறது.

அதனால் ஆப்பை விடவில்லை. புது ஆட்கள் அதில்தான் வருகிறார்கள். மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் பழைய வாடிக்கையாளர்கள் மட்டும் கடை நம்பருக்குக் கூப்பிடுங்கள், தம்பி கொண்டுவருவார்.