கபோதத்தில் மட்டும் மிஞ்சிய கம்பம்

கோயில் சுவருக்கு முன்னால் நடப்பட்ட விளக்குக் கம்பத்தைப் படத்திலிருந்து நீக்கும் வேலை முக்கால்வாசி முடிந்தது. மிச்சக் கால்வாசிதான் இந்தப் பதிவு. நடமாடும் ஆட்களை நீக்க பத்துப் பதினைந்து ஃபிரேம் எடுத்து மீடியன் போடுவது எல்லாருக்கும் தெரிந்ததே. கம்பம் நகராது. நாம்தான் நகர வேண்டும்: பக்கவாட்டில் தள்ளி எடுத்த படங்களிலிருந்து, கம்பம் மறைத்த சுவரை எடுத்து நடுப்படத்தில் ஒட்ட வேண்டும்.

எவ்வளவு நகர வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேமராவிலிருந்து சுவர் 12 மீட்டர், கம்பம் 10.5 மீட்டர், கம்பத்தின் அகலம் 10 செ.மீ. கம்ப அகலத்தைச் சுவர்த் தூரத்தால் பெருக்கி, கம்பத்துக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியால் வகுத்தால் 80 செ.மீ. வரும். கம்பம் கேமராவுக்குப் பக்கத்தில், 3 மீட்டரில் இருந்திருந்தால் 14 செ.மீ. போதும். சுவரோடு ஒட்டிய கம்பம்தான் எமன்.

ஆனால் 80 செ.மீ. ஒரே பக்கம் போகத் தேவையில்லை. வலப்பக்கம் 40 போனால் மறைந்த பட்டையின் வலது பாதி தெரியும், இடப்பக்கம் 40 போனால் இடது பாதி. நகர்வு பாதியானால் கோணப் பிசகும் பாதிதான். கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று இருபுறமும் 45 செ.மீ. வைத்து எடுக்கப்பட்டது. மேனுவல் எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றும் பூட்டி, நடு, வலம், இடம் என்று மூன்று இடத்திலும் ஒரே நிமிடத்துக்குள்.

நகர்வு சுவருக்கு இணையாக இருக்க, தரையில் 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்ட மரச்சட்டம் ஒன்று கிடத்தினால் போதும். இதற்கென்று விற்கும் ரெயில் எல்லாம் தண்டச் செலவு. ஹார்டுவேர் கடை ரீப்பர் கட்டையே தாராளம். (மத்தியத் தொல்லியல் துறைக் கோயில்களில் ட்ரைபாடுக்கு அனுமதி வாங்க வேண்டும் என்பதால், கேமராவை வைக்கப் பழைய ஜீன்ஸ் காலைத் தைத்து மணல் நிரப்பிய பையும் ஒன்று தயார். அரிசி போட்டால் வண்டு வரும்.)

மூன்று படங்களையும் சீரமைத்தது ஹியூகின் என்ற படத் தையல் மென்பொருளோடு வரும் கருவியில்:

```
align_image_stack -m -x -y -z -t 2 -a sari_ nadu.tif valam.tif idam.tif
```

முதலில் கொடுக்கும் படம்தான் அசையாத அடிப்படை. `-x -y -z` விட்டுவிட்டால் கேமரா இடம் மாறியதையே கருவி கணக்கில் எடுக்காது. படங்களைப் பொருத்த அது பிடிக்கும் ஒத்த புள்ளிகள் கம்பத்தின் மீதும் விழும். 2 பிக்சலுக்கு மேல் பிசகும் புள்ளிகளை `-t 2` தள்ளிவிடுவதால் சுவர்ப் புள்ளிகள்தான் மிஞ்சும்.

சுவர்ப்பகுதி தையல் தெரியாமல் உட்கார்ந்தது. சுவருக்கு மேலே வளைந்து நீட்டும் கபோதத்தில் மட்டும் நடுவில் 8 பிக்சல் அகலத்துக்குக் கம்பம் அப்படியே நின்றது. மாஸ்க்கை எப்படி இழுத்தாலும் போகவில்லை, ஏனென்றால் மூன்று ஃபிரேமிலும் அந்த இடத்தில் இருப்பது கம்பமேதான்.

காரணம் கணக்கில் இருந்தது. கபோதம் சுவரை விட்டு 40 செ.மீ. முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் கம்பத்துக்கும் இடைவெளி 1.5 மீட்டர் அல்ல, 1.1 மீட்டர். அந்தக் கணக்கில் பக்கத்துக்கு 53 செ.மீ. வேண்டும், 45 எப்படிப் போதும்? சுவர்த் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டதே தப்பு. பின்னணியில் கம்பத்துக்கு மிகக் கிட்டத்தில் எது இருக்கிறதோ அதை வைத்துத்தான் போட வேண்டும்.

திரும்ப 60 செ.மீ. வைத்து எடுத்ததில் கபோதம் முழுசாகத் தெரிந்தது. ஆனால் இப்போது விளிம்புக் கோடு ஒட்டவில்லை. சுவருக்குச் சீரமைத்த படத்தில், முன்னே நீட்டியது வலது ஃபிரேமில் இடப்பக்கமும் இடது ஃபிரேமில் வலப்பக்கமும் தள்ளியே இருக்கும். 24 எம்.எம். லென்ஸ், 6000 பிக்சல் அகலப் படம், ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 10, 11 பிக்சல். தீர்வு சுலபம்: கபோதத்துக்கு மட்டும் லேயரை இன்னொரு நகல் எடுத்து, அம்புக்குறி விசையால் அத்தனை பிக்சல் எதிர்ப்பக்கம் தள்ளி, தனி மாஸ்க். கபோதத்தில் செதுக்கிய கூடு அலங்காரத்தின் வளைவு இருபுறமும் சந்திக்கிறதா என்று 200 சதவீதத்தில் பார்த்தால் ஒரு பிக்சல் பிசகும் தெரிந்துவிடும்.

மிச்சம் தரை. கம்பத்தின் நிழல் எத்தனை அடி நகர்ந்து எடுத்தாலும் அதே கல்லில்தான் விழும். காத்திருக்கலாம், ஆனால் சூரியன் 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான் நகர்கிறது. 4 மீட்டர் நிழலின் நுனி அதற்குள் சுமார் 7 செ.மீ. போகும், அடிப்பக்கம் அசையவே அசையாது. மேகம் மூடும்போது தரைக்கென்று தனியாக ஒரு ஃபிரேம் எடுத்து, வெளிச்சத்தை கர்வ்ஸில் ஏற்றிக்கொள்வதே வழி. கம்பத்தின் காங்கிரீட் அடிப்பகுதிக்குக் கீழே இருக்கும் கல்லை எந்த ஃபிரேமும் காட்டாது. அங்கே பக்கத்துக் கல்லை நகலெடுத்து ஒட்டியாகிவிட்டது.

அடுத்தது கோபுரத்துக்குக் குறுக்கே போகும் மின்கம்பி. படுக்கைக் கம்பிக்குப் பக்கவாட்டில் நகர்ந்து பயனே இல்லை, கேமராவை ஏற்றி இறக்க வேண்டும். மரச்சட்டத்தை நிமிர்த்தி நிறுத்த ஒரு கிளாம்ப் தேட வேண்டியிருக்கிறது.