திருப்புவதை நிறுத்திய இடம்

பிட்டம் கீழே இருந்த குழந்தையை வயிற்றின் மேலிருந்து கையால் திருப்பும் முயற்சியை நான் பாதியில் நிறுத்தியபோது, "அப்ப காரணம் குழந்தை இல்ல, ஆபரேஷன் தியேட்டர்தானா மேடம்?" என்று அந்தக் கர்ப்பிணிப் பெண் கேட்டார். ஆமாம் என்றேன். வேறு விதமாகச் சொல்லியிருக்கலாமோ என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தேவனாம்பட்டினத்துக்காரர். இரண்டாவது பிரசவம், முதலாவது சுகப்பிரசவம். 37 வாரத்திலும் குழந்தையின் தலை மேலேயே இருந்தது. ஸ்கேனில் இரண்டு காலும் முகத்தை நோக்கி நீண்டு, பிட்டம் கீழே. பனிக்குட நீர் போதுமான அளவு இருந்தது, நஞ்சுக்கொடி கருப்பையின் பின்பக்கச் சுவரில். வயிற்றின் மேலிருந்தே குழந்தையைத் திருப்பிப் பார்க்கத் தோதான நிலைதான். ஏற்கெனவே பெற்றவர்களுக்கு 100 பேரில் 60 பேருக்குக் குழந்தை திரும்பிவிடும், முதல் பிரசவக்காரர்களுக்கு 40 பேருக்கு. 200 பேரில் ஒருவருக்கு உடனே சிசேரியன் தேவைப்படலாம். இதையெல்லாம் அவரிடமும் அவர் அம்மாவிடமும் சொன்னேன். "திருப்புனா கொடி சுத்திக்காதா?" என்று அம்மா கேட்டார். அதற்காகத்தான் முன்னும் பின்னும் இதயத் துடிப்பைப் பார்க்கிறோம், தியேட்டரையும் தயாராக வைத்துக்கொள்கிறோம் என்றேன். அந்தப் பேச்சே பிறகு எனக்கு எதிராக வந்து நின்றது.

மயக்க டாக்டர் இருக்கிற நாளாகப் பார்த்து வரச் சொன்னேன். சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுத்தார். கருப்பை இளகுவதற்கு டெர்பூட்டலின் 0.25 மில்லிகிராம் தோலுக்கடியில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். ஒரு கையால் பிட்டத்தை இடுப்பெலும்பிலிருந்து மேலே தூக்கி, மறு கையால் தலையை முன்பக்கமாகக் கீழே கொண்டுவந்தேன். குழந்தை குறுக்காக வரும்வரை நன்றாகவே நகர்ந்தது. அதற்கு மேல் போகவில்லை. ஸ்கேனில் பார்த்தால் 140 இருந்த துடிப்பு 80க்கு வந்திருந்தது. கையை எடுத்துவிட்டு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். மூன்று நிமிடத்துக்குள் பழையபடி ஏறிவிட்டது. குழந்தையும் மறுபடி பிட்டம் கீழேயாகவே போய் உட்கார்ந்துகொண்டது.

இப்படி இறங்கி ஏறுவது திருப்பும்போது அடிக்கடி நடப்பதுதான். குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் சிடிஜியை இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தோம், அருமையாக இருந்தது. இன்னொரு முறை முயல எந்தத் தடையும் இல்லை. "இன்னொரு தடவ பாருங்க மேடம், நான் தாங்கிக்குவேன்" என்று அவரே சொன்னார். அந்த நேரம் பார்த்து லேபர் ரூமில் வேறொரு தாய்க்குக் குழந்தையின் துடிப்பு இறங்கி, உடனே தியேட்டருக்கு ஏற்ற வேண்டியதாகிவிட்டது. எங்களுக்கு இருப்பது ஒரே தியேட்டர், ஒரே மயக்க டாக்டர். நிறுத்திவிட்டேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

துடிப்பு இறங்கியதால் நிறுத்தினேன் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார். அது பாதி உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் ஏறிவிட்ட துடிப்பைக் காரணம் காட்டினால், திருப்புவது தன் குழந்தைக்கு ஆகாது என்று அவர் மனதில் பதிந்துவிடும். அதனால் உள்ளதைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்கலாம், அல்லது பாண்டிக்கு எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். "ஒரு தடவ பயந்தது போதும்" என்றார் அம்மா. மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சிசேரியனுக்கே நாள் குடுங்க" என்றார். உண்மையைச் சொன்னதுதான் அவருடைய நம்பிக்கையைக் கலைத்ததோ என்று அன்று இரவு தோன்றியது. காலையில், இல்லை, அவருக்குத் தெரிய வேண்டியதைத்தானே சொன்னோம் என்று தோன்றியது.

பிட்டம் முதலாக அப்படியே சுகப்பிரசவம் பார்ப்பதைப் பற்றியும் பேசினோம். அவருடைய நிலைக்கு அது அறவே கூடாது என்றில்லை. ஆனால் 2000இல் வந்த பெரிய ஆய்வு, திட்டமிட்ட சிசேரியனில் குழந்தைகளுக்கு ஆபத்து குறைவு என்று காட்டிய பிறகு, அந்தப் பிரசவத்தில் கை பழகியவர்கள் குறைந்துபோனார்கள். அதே குழந்தைகளில் ஒரு பகுதியை இரண்டு வயதில் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்குள் பழக்கம் விட்டுப்போயிருந்தது. நடுராத்திரியில் வலி வந்தால் தலையை எடுக்கத் தெரிந்தவர் பணியில் இருப்பார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இங்கேயும் தடை அவர் உடம்பில் இல்லை, எங்களிடம்தான்.

39 வாரம் முடிந்ததும் சிசேரியன். தானாகத் திரும்பியிருக்கலாம் என்பதால் அன்று காலையும் ஸ்கேன் பார்த்தேன், திரும்பவில்லை. கருப்பையின் வடிவில் குறை இல்லை, கழுத்தில் கொடி இல்லை. திரும்பாமல் போனதற்குக் கண்ணில் படும்படி எதுவும் கிடைக்கவில்லை. பெண் குழந்தை, நல்ல எடை.

டிஸ்சார்ஜ் அன்று, அடுத்த பிள்ளைக்கு நார்மல் ஆகுமா என்று கேட்டார். ஒருமுறை சுகமாகப் பெற்றிருப்பதால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் நஞ்சுக்கொடி சிசேரியன் தழும்பின் மேல் உட்காரவில்லையா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும், வலி வந்தால் எந்நேரமும் தியேட்டர் காலியாகக் கிடைக்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்றேன்.

"அப்ப பாண்டிதான்" என்றார். மூன்றாம் மாதத்திலேயே அங்கே பதிந்துகொள்ளும்படி அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.